சரி போடுற போஸ்டரா, எழுத வைக்கிற தாளா: எங்கட பள்ளிக்கூடக் குசினிச் சுவருக்கு எதைத் தெரிவு செஞ்சம்

படுவான்கரையில இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பா நிக்கிற ரீச்சர் நான். 140 புள்ளையள். ரெண்டு அம்மாமார் சமைக்கிறாங்க, அவங்கள நாங்க பெரியக்கா சின்னக்கா எண்டுதான் கூப்பிடுறம், எட்டரைக்குள்ள கோப்பையில சோறு விழணும். இந்த ரெண்டு வருசத்துல குசினிச் சுவருல நாலு விதமான போஸ்டர் ஒட்டிப் பாத்திட்டம். வேற பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க, எது நல்லம், அந்த ஃபைல அனுப்புங்க எண்டு. ஃபைல அனுப்புறது லேசு. ஆனா எது ஏன் சரிவரல்ல எண்டு தெரியாம அனுப்பினா அவங்களும் நாங்க விழுந்த குழியிலதான் விழுவாங்க, அதான் ஆறுதலா எழுதுறன்.

முதலாவது, ஃபிளக்ஸ். டவுனுல அடிச்சது, நாலடி உசரம், பச்சை மஞ்சள் கலர், 22 விதி. கை கழுவு, நகம் வெட்டு, தலைக்குத் தொப்பி போடு, அரிசியக் கழுவு, குப்பைய மூடு, இப்படியே கீழ வரைக்கும் போகும். எண்ணெய் தெறிச்சாத் துடைக்கலாம், மழைத் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது, பி.எச்.ஐ வந்தாலும் பாத்துத் தலையாட்டுவார். ஆனா அது ஒரு அறிவிப்புதான், செக்லிஸ்ட் இல்ல. இண்டைக்கு விடிய யாராவது அரிசி மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தாங்களா எண்டு அந்த ஃபிளக்ஸ்ஸக் கேட்டா அது என்ன சொல்லும்? ஒண்டுஞ் சொல்லாது. மறுகா, 22 விதிய ஒரே சுவருல ஒட்டினா கண்ணு ஒண்டுலயும் நிக்காது. மூணு கிழமைக்குப் பிறகு பெரியக்காட்ட சும்மா கேட்டன், அந்த போஸ்டருல என்னக்கா இருக்கு எண்டு. "தொப்பி போட்ட பொம்பிளைட படம் ரீச்சர்" எண்டா. அவ்வளவுதான் அவவுக்கு நிண்டது. அதுக்கு மேல ஃபிளக்ஸ்ஸப் பத்தி எழுத ஒண்டுமில்ல, இப்பவும் ஒஃபிஸ் பக்கச் சுவருல கிடக்கு.

ரெண்டாவதுதான் நாங்க பெரிய நம்பிக்கையோட செஞ்சது. ஏ3 தாளுல 14 கேள்வி, லமினேட் பண்ணி, பக்கத்துல கட்டம் போட்டு, மாக்கர் பேனையால சரி போடுறது, அடுத்த நாள் விடிய துணியால துடைச்சிட்டு புதுசா சரி போடுறது. அரிசி நல்லதா, தானியம் சுத்தமா, முட்டை நல்லதா, தேங்கா நல்லதா, கறி வெந்திச்சா, சாப்பாடு சூடா இருக்கா. பாக்க எவ்வளவு வடிவான போர்ட். நானே நாலு பேருக்கு போட்டோ எடுத்து அனுப்பினன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அந்த போர்ட் எங்க பிழைச்சது எண்டு ஒரு செவ்வாய்க்கிழமைதான் விளங்கிச்சு. அண்டைக்குக் கௌப்பிக் கறி. நான் ஆறேகாலுக்குக் குசினிக்குள்ள போறன், வாசல்லயே ஒரு புளிச்ச மணம், பழஞ்சோத்துத் தண்ணி மணம் மாதிரி, ஆனா அதவிடக் கொஞ்சம் கனமான மணம். வாளிக்குள்ள கௌப்பி ஊறிக்கொண்டு கிடக்கு, மேல வெள்ளை நுரை ஒரு விரல் தடிப்புக்கு நிக்கிது. கைய விட்டா வழுக்குது, தண்ணிய வடிச்சாலும் நூல் மாதிரி இழுபடுது. போர்டப் பாத்தா 'தானியம் சுத்தமா' எண்ட கேள்விக்கு நேர அழகா ஒரு சரி.

எனக்கு முதல்ல கோவம்தான் வந்திச்சு. பாக்காமலே சரி போட்டிட்டாங்க எண்டு நினைச்சன். சின்னக்காட்ட கேட்டா அவ முகத்த நிமித்தி நேராச் சொன்னா, "நேத்து சுளகுல புடைச்சு வண்டு பாத்தன் ரீச்சர், கல்லுப் பாத்தன், ஒண்டுமில்ல. சுத்தம்தானே." அவ சொன்னதுல ஒரு சொல்லும் பொய் இல்ல. கேள்வி 'சுத்தமா' எண்டு கேட்டது, அவ சுத்தமா எண்டு பாத்தா, சுத்தம் எண்டு சரி போட்டா. பிழை கேள்வில இருந்தது. முதல் நாள் பின்னேரம் மூண்டரைக்கே நனைச்சிட்டா, ஏனெண்டா ராவைக்குக் கலியாண வீடு. மூண்டரையில இருந்து விடிய ஆறேகால் வரைக்கும் கிட்டத்தட்ட 15 மணித்தியாலம். எங்கட ஊருச் சூட்டுல, மூடின வாளிக்குள்ள, தண்ணி மாத்தாம அவ்வளவு நேரம் வைச்சா கௌப்பி புளிக்கத் தொடங்கிரும், அது யாரு செஞ்சாலும் புளிக்கும். கௌப்பிக்கு ஒரு ராத்திரி ஊறல் தாராளம், ஒம்பது மணி போல நனைச்சா விடிய அஞ்சுக்குப் பதமா இருக்கும்.

அண்டைக்கு நாலு கிலோக் கௌப்பியையும் மாட்டுக்குப் போட்டிட்டு மைசூர்ப் பருப்பு வைச்சம். பருப்புக்கு ஊறல் தேவையில்ல, அரை மணித்தியாலத்துல வெந்திரும், அதனால எட்டே முக்காலுக்குச் சாப்பாடு குடுத்தாச்சு. புள்ளையள் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல. ஆனா நான் அண்டைக்குப் பின்னேரம் அந்த போர்டுக்கு முன்னால கதிரையப் போட்டு இருந்து யோசிச்சன். 14 கேள்வில ஆறு கேள்வி 'நல்லதா' எண்டு முடியுது. நல்லதா எண்டா என்ன? ஒருத்தருக்கு நல்லது எண்டா புழு இல்ல, இன்னொருத்தருக்கு மணம் இல்ல, எனக்கு நனைச்ச நேரம் சரி. மூண்டு பேரும் மூண்டு விசயத்தப் பாத்திட்டு ஒரே சரியத்தான் போடுவம்.

அதோட இன்னொண்டும் அப்பத்தான் கண்டன். சரி எல்லாம் மேல இருந்து கீழ ஒரே வீச்சுல போட்ட மாதிரி இருந்திச்சு, ஒரே சரிவு, ஒரே நீளம். வாழைக்குலைல சீப்பு அடுக்கின மாதிரி. ஒரு சாமானப் பாத்து ஒரு சரி, அடுத்ததப் பாத்து அடுத்த சரி எண்டு போட்டிருந்தா இப்படி வராது. ஆனா அவங்களக் குறை சொல்லி என்ன? நாலு மணிக்கு வந்து அடுப்பு மூட்டுறவங்க, கையெல்லாம் தேங்காப்பால், மாக்கர் மூடியத் திறக்கவே ஒரு கை வேணும். கூடுதலான நாள் எல்லாம் முடிய ஏழு மணிக்குத்தான் போர்டப் பாப்பாங்க, அப்ப கௌப்பி கறியாகிக் கிடக்கும். மறுகா துடைக்கிற போர்டுல நேத்தையான் கணக்கு ஒண்டும் மிஞ்சாது. ஒரு புள்ளைக்கு வியாழன் வயித்தோட்டம் வந்து வெள்ளி அம்மா வந்து கேட்டா, புதன் என்ன சமைச்சம், எத்தின மணிக்கு இறக்கினம் எண்டு சொல்ல எங்களிட்ட ஒரு துண்டுத் தாளும் இல்ல.

மூண்டாவது, படப் போஸ்டர். இத நான் முழுக்கத் தள்ள மாட்டன், ஆனா அதுக்குரிய இடம் வேற. நெட்டுல எடுத்த படம் போட்டு முதல்ல ஒண்டு செஞ்சம், அதுல பூஞ்சணம் பிடிச்ச பாண், ஸ்ட்ரோபெரி, சீஸ். எங்கட குசினிக்குள்ள ஸ்ட்ரோபெரி எப்ப வந்தது? மறுகா எங்கட சாமானையே போனுல படம் எடுத்தம். ஒரு செத்தல் மிளகாயப் பிளந்து உள்ளுக்கு சாம்பல் கலருல பூத்துக் கிடக்கிறதப் பக்கத்துல வைச்சு ஒரு படம், மூடி மேல உப்பி வந்த மீன் ரின்னும் சாதாரண ரின்னும் பக்கத்துல பக்கத்துல ஒரு படம், ஈரத்துல கட்டி பட்ட அரிசிய உள்ளங்கையில வைச்சு ஒரு படம். இது வேலை செஞ்சது, ஏனெண்டா சொல்லால சொல்ல ஏலாத விசயம் இது. செத்தல் மிளகாய வெளியால பாத்தா சிவப்பாத்தான் இருக்கும், முறிச்சாத்தான் தெரியும். மாரி காலத்துல, கார்த்திகை மார்கழி மாசத்துல, கொஞ்சம் ஈரமா வாங்கின மிளகாய் சாக்கோட கிடந்தா இப்படித்தான் ஆகும்.

இதுல ஒரு விசயத்தப் பெரியக்காட்ட விளங்கப்படுத்த எனக்கு நாள் எடுத்திச்சு. வண்டும் பூஞ்சணமும் ஒண்டில்ல. அரிசிக்குள்ள வண்டு இருந்தா வெயிலுல காயப் போட்டு சுளகுல புடைச்சு எடுக்கலாம், நம்மட அம்மம்மாமார் காலத்துல இருந்து செய்யிறதுதான், ருசி கொஞ்சம் குறையும் அவ்வளவுதான். பூஞ்சணம் அப்படியில்ல. மிளகாய், கச்சான், சோளம் இதுகளுல பிடிக்கிற சிலவகைப் பூஞ்சணம் அஃப்லடொக்சின் எண்ட நஞ்ச விடும், அது ஈரலுக்குக் கூடாது, சாதாரணமாச் சமைக்கிற சூட்டுல அது அழியாது. வெயிலுல காய வைச்சாப் பூஞ்சணம் உதிரும், நஞ்சு அங்கதான் கிடக்கும். அதனால படப் போஸ்டருல வண்டுப் படத்துக்குக் கீழ சுளகுப் படம், பூஞ்சணப் படத்துக்குக் கீழ குப்பை வாளிப் படம். எழுத்தே இல்ல. நாலு படத்தோட அது களஞ்சியக் கதவுல இருக்கு, இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனா அதுவும் இண்டைக்குப் பாத்தாங்களா எண்டத சொல்லாது.

நாலாவதுதான் இப்ப இருக்கிறது. கிழமைக்கு ஒரு தாள், ஏ4, அஞ்சு நாளுக்கு அஞ்சு நிரல், எட்டே எட்டு வரி. சரி போட ஒரு கட்டமும் இல்ல. எல்லா வரியும் நம்பர் கேக்கும். முழுத் தாளையும் இதுல எழுதிவிடுறன்:

தானியம் நனைச்ச நேரம் ____
அரிசி மூட்டைக்குள்ள முழங்கை வரை கை விட்டது, எத்தின மூட்டை ____
தண்ணில மிதந்த முட்டை எத்தின ____
உடைச்ச தேங்கா ____ எறிஞ்ச தேங்கா ____
கறி இறக்கின நேரம் ____
கறி இறக்கின நேரம் ____
ருசி பாத்த நேரம் ____ யாரு ____
முதல் கோப்பை போட்ட நேரம் ____

எட்டு வரி ஏன் எண்டு கேட்டா, தானியம் நனைக்கிறதுல இருந்து கோப்பை போடுற வரைக்கும் கை நடக்கிற ஒழுங்குலயே வரி இருக்கு. போஸ்டருக்காகத் தனியா ஒரு வேலை இல்ல, செய்யிற வேலைக்கு நடுவுல நிண்டு ஒரு நம்பர் எழுதிட்டுப் போறது. 'எறிஞ்ச தேங்கா' எண்டு ஏன் கேக்கிறம் எண்டா, பூச்சியம் எண்டு எழுதிறதுக்கே தேங்காய ஒவ்வொண்டா மணந்து பாத்திருக்கணும். ஒரு அழுகல் தேங்கா பால் முழுக்கப் பழுதாக்கிப் போடும், அதனால ஒவ்வொரு தேங்காயையும் தனியா உடைச்சு மணந்திட்டுத்தான் திருவலைக்குப் போறது. முட்டை மிதக்கிறதும் அப்படித்தான். மிதந்தா அது பழசு, உள்ளுக்குக் காத்து கூடிப் போச்சு எண்டு அர்த்தம், அழுகல் எண்டு கட்டாயம் இல்ல, ஆனா 140 முட்டைய அவிக்கிற இடத்துல ஒவ்வொண்டையும் உடைச்சுப் பாக்க ஏலாது, அதனால மிதக்கிறத ஒதுக்கிறதுதான் எங்கட கணக்கு. தாண்டதெல்லாம் நல்லதெண்டும் இல்ல, உரிக்கக்க மணத்தா அதையும் எறியிறதுதான்.

இந்தத் தாளுல எனக்கு ஆகப் பெறுமதியான வரி எண்டா சோறு இறக்கின நேரமும் முதல் கோப்பை போட்ட நேரமும்தான். பழைய போர்டுல இதே விசயம் 'சாப்பாடு சூடா இருக்கா' எண்டு இருந்திச்சு. சூடு எண்டா என்ன சூடு? கிடாரத்து மேல ஆவி வந்தாச் சூடுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது 60 பாகைக்கு மேல வைச்சிருக்கணும், இல்லாட்டி வெளிய ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல விடக்கூடாது எண்டு. வெப்பமானி எங்களிட்ட இல்ல, ஒரு நாள் ஒருத்தர் தந்தது ஒரு மாசத்துல பழுதாப் போச்சு. நேரம் பாக்க வெப்பமானி தேவையில்ல. ரெண்டு நம்பரக் கழிச்சாப் போதும்.

சோத்துக்கு ஏன் இவ்வளவு கடும் எண்டா, அரிசியில ஒரு பக்டீரியா இருக்கு, பசிலஸ் சீரியஸ் எண்டு பேர். அதிட வித்து கொதிக்கிற தண்ணிலயும் சாகாது. சோறு சூடா இருக்கும் மட்டும் சும்மா கிடக்கும், இளஞ்சூட்டுக்கு வந்தோன முளைச்சுப் பெருகி ஒரு நஞ்ச விடும், சாப்பிட்டா கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ளயே சத்தி எடுக்க வைக்கிற நஞ்சு அது. அந்த நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. ருசியிலயும் தெரியாது, மணத்துலயும் தெரியாது. அதனாலதான் ருசி பாக்கிறத மட்டும் நம்பி இருக்க ஏலாது எண்டு நான் சொல்லுறது. ருசி பாத்தா உப்பு, புளிப்பு, வேகாதது, எண்ணெய்க் காறல், மண்ணெண்ணை மணம் இதெல்லாம் பிடிபடும். இது பிடிபடாது.

பத்தரைக் கிலோ அரிசி வெந்த கிடாரம் மூடியோட அடுப்புக்குப் பக்கத்துல இருந்தா நல்லா நேரத்துக்குச் சூடு நிக்கும், பிரச்சினை அதுல இல்ல. பிரச்சினை என்னெண்டா பெரியக்கா வேலை முடியட்டும் எண்டு சோத்த வகுப்பு வகுப்பா பிளாஸ்டிக் பேசினுக்குள்ள அள்ளிப் பரத்தி வைச்சிருவா. பரத்தின சோறு கெதியா ஆறிரும். முதல் கிழமைத் தாளுல சோறு இறக்கினது 5.10, முதல் கோப்பை 8.25 எண்டு வந்திச்சு. மூண்டேகால் மணித்தியாலம், அதுல பாதிக்கு மேல பேசினுக்குள்ள. சரி போடுற போர்டுல இது எந்தக் காலத்துலயும் தெரிஞ்சிருக்காது, ரெண்டு வருசமா இப்படித்தான் நடந்திருக்கு எண்டு நினைக்கவே நெஞ்சு பதறுது. இப்ப ஒழுங்க மாத்திட்டம். முதல்ல கறி வேலை, சோறு கடைசி, ஆறே முக்காலுக்கு முதல் சோறு இறங்கக்கூடாது, பேசினுக்கு அள்ளுறது மணி அடிச்சாப் பிறகு.

ஆனா நம்பர் கேட்டா பொய் வராது எண்டு நினைக்க வேணாம். மூண்டாம் கிழமைத் தாளப் பாத்தா கறி இறக்கின நேரம் திங்கள் 6.30, செவ்வாய் 6.30, புதன் 6.30, வியாழன் 6.30. எனக்குப் பழைய சரிக் கட்டம் திரும்பி வந்த மாதிரி இருந்திச்சு. போய்க் கேட்டா சின்னக்கா சிரிக்கிறா. "குசினிக்குள்ள மணிக்கூடு எங்க ரீச்சர் இருக்கு? முதல் பஸ் போனோன ஆறரை எண்டு எழுதுறன்." போன் இருக்குத்தான், ஆனா அடுப்படிக்குப் போனக் கொண்டு போக மாட்டா, எண்ணெய்க் கை எண்டு. மணிக்கூடு இல்லாத குசினியில நேரம் எழுதச் சொல்லிப் போஸ்டர் ஒட்டின ஆள் நான்தான்! அண்டைக்குப் பின்னேரமே ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி அடுப்படியில நிண்டா நேர தெரியிற மாதிரி மாட்டினம். அடுத்த கிழமை 6.52, 6.47, 7.05, 6.50. நம்பர் இப்படிக் குழம்பி வந்தாத்தான் உண்மை எண்டு இப்ப எனக்குக் கண்ணுல பழகிட்டு.

எழுத ஏலாதவங்க என்ன செய்யிற எண்டு கேப்பீங்க. பெரியக்கா அஞ்சாம் வகுப்போட நிண்டவ, வசனம் எழுதச் சொன்னா கூச்சப்படுவா, ஆனா நம்பர் எழுதுவா, சீட்டுக் கணக்கெல்லாம் அவட கையிலதான். அதனாலதான் தாள் முழுக்க நம்பர். வரிக்குப் பக்கத்துல சின்னப் படம், வாளி, மூட்டை, முட்டை, தேங்கா, கிடாரம். இன்னொரு சின்ன விசயம், பேனை கட்டித் தொங்க விடாதீங்க. சுவருல ஒட்டின தாளுல போல்பொயின்ற் பேனை ரெண்டு வரிக்கு மேல எழுதாது, மை கீழ இறங்காது, எண்ணெய்க் கை பட்ட தாளுல அதுவும் எழுதாது. பென்சில் எழுதும். நூலுல கட்டின ஒரு பென்சில், அவ்வளவுதான்.

இந்தத் தாளுல இன்னும் தீராத குறையும் இருக்கு. சாப்பாட்டுல ஒரு கரண்டி எடுத்து மூடி வைக்கிறது நல்ல பழக்கம், ஏதும் பிரச்சினை வந்தாச் சோதிக்கக் குடுக்கலாம். ஆனா அதுக்கு ஃபிரிட்ஜ் வேணும், எங்களிட்ட இல்ல. வெளிய வைச்ச சாப்பாடு பின்னேரம் எப்படியும் கெட்டுப் போகும், அதச் சோதிச்சு ஒண்டும் அறிய ஏலாது. செய்ய ஏலாத வரியப் போட்டா மற்ற எட்டு வரியும் மதிப்பிழந்து போகும் எண்டு அத விட்டிட்டன். மீனும் அப்படித்தான். சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாம வெயிலுல நிண்டா ஹிஸ்டமின் எண்டு ஒண்டு கூடும், சாப்பிட்டா முகம் சிவந்து கடி எடுக்கும், அதையும் சமைச்சு அழிக்க ஏலாது. விடிய அஞ்சு மணிக்கு அந்த மீன் எத்தின மணித்தியாலம் ஐஸ்ல இருந்தது எண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குப் போஸ்டருல வரி போட்டுப் பிரயோசனமில்ல. பச்சை மீன விட்டிட்டு ரின் மீனும் முட்டையும் எண்டு முடிவெடுத்தம்.

கடைசியா, தாளுக்கு அடியில தடிச்ச எழுத்துல ஒரு வரி இருக்கு: 'சந்தேகமெண்டா மூடி வை, ஆரும் கேக்க மாட்டம்.' இது எனக்கு பீகார்ல நடந்த ஒரு விசயத்தால வந்தது. 2013 ஜூலை 16, சரண் மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 புள்ளையள் செத்துப் போனாங்க. சமைச்ச எண்ணெயில மொனோகுரொட்டோபொஸ் எண்ட பூச்சி நாசினி கலந்து இருந்தது. சமைச்ச அம்மா எண்ணெய் வித்தியாசமா இருக்கு எண்டு சொன்னதாகவும், அதையும் மீறிச் சமைக்கச் சொன்னதாகவும் அப்பவே செய்தியில வந்திச்சு. எங்கட பக்கத்துலயும் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் இல்லாத வீடு இல்ல, காலிக் கானக் கழுவி மண்ணெண்ணை ஊத்தி வைப்பாங்க, எண்ணெயும் ஊத்துவாங்க. அதனால எண்ணெய் கடைச் சீல் உடையாத போத்தல்ல மட்டும்தான் குசினிக்குள்ள வரலாம், வேற போத்தலுக்கு மாத்துறதில்ல.

அந்த வரிய ஒட்டின முதல் மாசம் ஒருத்தரும் ஒண்டையும் மூடி வைக்கல்ல. பிறகுதான் விளங்கிச்சு, மூடி வைச்சா 140 புள்ளையளும் பசியோட இருக்கும், அந்தப் பாவத்த யாரு ஏத்துக்குவா? அதனால களஞ்சியத்துல மூணு கிலோ மைசூர்ப் பருப்பும் ரெண்டு பெட்டி பிஸ்கட்டும் தனியா வைச்சு, இது கறி கெட்டா எடுக்கிறது எண்டு எழுதி ஒட்டினம். அதுக்குப் பிறகு ஒரு நாள் பெரியக்கா சொதியத் தூக்கி ஊத்தினா. பால் திரிஞ்சு மேல வெட்டி நிண்டது, மணமும் ஒரு மாதிரி. சொதி இல்லாம சம்பலோட சாப்பிட்டாங்க, பிஸ்கட் கூடக் குடுத்தம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல.

அப்ப எதத் தெரிவு செய்யிற எண்டா, உங்கட குசினிய ஒருக்காப் பாருங்க. சமைக்கிற ஆக்கள் அடிக்கடி மாறுற இடமெண்டா படப் போஸ்டர் கட்டாயம் வேணும், களஞ்சியக் கதவுல. ஒரே ஆக்கள் வருசக்கணக்கா சமைக்கிற இடமெண்டா அவங்களுக்குப் பூஞ்சணம் தெரியும், நம்பர்த் தாளுக்கு முதல் இடம் குடுங்க. ரெண்டுக்கும் சேத்து ஃபிளக்ஸ் காசுல கால்வாசியும் வராது. துடைக்கிற போர்ட வாங்கவே வேணாம், அது இருந்தா எல்லாருக்கும் அதுல சரி போடத்தான் கை போகும். நம்பர்த் தாள எடுக்கிறீங்க எண்டா முதல்ல மணிக்கூடு, மறுகா பென்சில், மறுகா மாத்துச் சாப்பாடு, இந்த மூண்டும் வந்தாப் பிறகு தாள ஒட்டுங்க. முடிஞ்ச தாளக் கிழிச்சு எறியாம கம்பியில குத்தி வையுங்க, நான் ஒவ்வொரு வெள்ளியும் ஒருக்காப் பாக்கிறன், அஞ்சு நிமிசம்.

போன கிழமைத் தாளுல ஓரத்துல, வரியே இல்லாத இடத்துல, சின்னக்கா பென்சிலால கோணல் எழுத்துல எழுதி இருந்தா: 'எலிப் புழுக்கை 3 கண்டன், பருப்பு மூட்டைக்குக் கீழ.' நாங்க கேக்காத கேள்விக்குப் பதில். அந்த மூட்டைய நிலத்துல இருந்து எடுத்துப் பலகைக்கு மேல ஏத்தி, சுவருல இருந்து ஒரு சாண் தள்ளி வைச்சாச்சு. இந்த மாசம் புதுசா பிரிண்ட் எடுத்த தாளுல எட்டு வரிக்குக் கீழ ரெண்டு வெறும் வரி விட்டிருக்கிறன், தலைப்பு ஒண்டும் போடல்ல.